மைனஸ் இல்லாத அணிக்கோவை

பள்ளிக் கணக்கில் அணிக்கோவை படித்திருப்போம். இரண்டு நிரை, இரண்டு நிரல் கொண்ட சதுரத்தில் a, b, c, d என்று நான்கு எண்கள் இருந்தால் அதன் அணிக்கோவை ad − bc. குறுக்காகப் பெருக்கி, ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்க வேண்டும். அந்தக் கழித்தல் குறியை எடுத்துவிட்டு ad + bc என்று கூட்டினால் கிடைப்பதற்குப் பெர்மனென்ட் என்று பெயர். இதைப் பள்ளியில் சொல்லித் தருவதில்லை.

பார்வைக்கு வேறுபாடு ஒரே ஒரு குறிதான். ஆனால் 100 நிரையும் 100 நிரலும் உள்ள சதுரத்தின் அணிக்கோவையை ஒரு சாதாரண மடிக்கணினி கண்ணிமைக்கும் நேரத்தில் கணக்கிட்டுவிடும். அதே சதுரத்தின் பெர்மனென்ட்டைக் கணக்கிட, இன்று நமக்குத் தெரிந்த வழிகளில், உலகின் மிகப் பெரிய கணினிக்கும் லட்சக்கணக்கான ஆண்டுகள் வேண்டும். கழித்தல் இருக்கும்வரை எளிது. கழித்தலை எடுத்ததும் கணக்கு கைக்கு எட்டாமல் போய்விடுகிறது.

ஒளியின் துகள்களான ஃபோட்டான்கள் கண்ணாடிகளுக்கு நடுவே ஓடும்போது, அவை எங்கே போய்ச் சேரும் என்பதை முடிவு செய்வது இந்தப் பெர்மனென்ட்தான். போசான் சாம்பிளிங் என்ற துறை முழுவதும் இந்த ஒரு செய்தியிலிருந்து முளைத்தது.

முதலில் இரண்டே இரண்டு ஃபோட்டான்களைப் பார்க்கலாம். 1987-ல் அமெரிக்காவின் ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஹாங், ஊ, மாண்டல் என்ற மூவர் ஒரு சோதனை செய்தார்கள். லேசர் ஒளியை ஒரு படிகத்துக்குள் செலுத்தினால், அதிலிருந்து எப்போதாவது ஒரு ஜோடி ஃபோட்டான் வெளிவரும். அந்த ஜோடியை, விழும் ஒளியில் பாதியைக் கடத்தி மறுபாதியைத் திருப்பி அனுப்பும் ஒரு கண்ணாடியின் இரு பக்கங்களிலிருந்தும் விட்டார்கள். வெளியேறும் வழிகள் இரண்டு. இரண்டிலும் ஆளுக்கொரு உணர்கருவி. இரண்டு கருவிகளும் ஒரே சமயத்தில் எத்தனை முறை சொடுக்குகின்றன என்று எண்ணினார்கள்.

ஃபோட்டான்கள் கோலிக்குண்டுகளாக இருந்தால், பாதித் தடவை இரண்டும் தனித்தனி வழியில் வெளியே வந்திருக்கும். இரண்டு ஃபோட்டான்களும் சற்று முன்பின்னாக வந்தபோது அப்படித்தான் நடந்தது. ஆனால் கண்ணாடியைச் சில மைக்ரோமீட்டர் நகர்த்தி, இரண்டும் மிகச் சரியாக ஒரே கணத்தில் வந்து சேரும்படி செய்தபோது, இரு கருவிகளும் சேர்ந்து சொடுக்குவது ஏறக்குறைய நின்றேபோயிற்று. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து ஏதோ ஒரு வழியிலேயே வெளியேறின.

காரணம் சின்னக் கணக்கு. குவாண்டம் இயற்பியலில் ஒவ்வொரு வழிக்கும் ஒரு வீச்சு உண்டு. நிகழ்தகவைப் போல அது எப்போதும் நேர் எண்ணாக இருக்க வேண்டியதில்லை; குறை எண்ணாகவும் இருக்கலாம், ஒரு கோணத்தில் திரும்பி நிற்கும் அம்பாகவும் இருக்கலாம். வீச்சுகளையெல்லாம் கூட்டி, கடைசியில் வர்க்கம் எடுத்தால்தான் நிகழ்தகவு வரும். நம் கண்ணாடியில் முதல் ஃபோட்டானுக்கு இரண்டு வழிக்கும் வீச்சு 1/√2. இரண்டாவது ஃபோட்டானுக்கு முதல் வழிக்கு 1/√2, இரண்டாம் வழிக்கு −1/√2. தனித்தனி வழியில் வெளியேறுவது இரண்டு விதமாக நடக்கலாம். முதலாவது ஃபோட்டான் முதல் வழி, இரண்டாவது இரண்டாம் வழி என்றால் வீச்சு −1/2. இருவரும் வழி மாறிக்கொண்டால் +1/2. எது எந்த ஃபோட்டான் என்று அடையாளம் சொல்லவே முடியாதபோது இந்த இரண்டையும் கூட்டியாக வேண்டும். விடை சுழியம்.

கூட்டியது எதை என்று கவனித்தால், நான்கு எண்கள் கொண்ட அந்தச் சதுரத்தின் ad + bc. அதாவது பெர்மனென்ட். இங்கே எலக்ட்ரான்கள் வந்திருந்தால் ad − bc போட வேண்டியிருக்கும். எலக்ட்ரான் ஃபெர்மியான் வகையைச் சேர்ந்தது. இரண்டு ஃபெர்மியான்கள் இடம் மாறினால் வீச்சின் குறியும் மாறும். ஃபோட்டான் போசான் வகை. இடம் மாறினாலும் குறி மாறாது. 1924-ல் டாக்காவில் ஆசிரியராக இருந்த சத்யேந்திர நாத் போஸ், ஒளித்துகள்களை ஒன்றுக்கொன்று அடையாளம் இல்லாதவையாக எண்ண வேண்டும் என்று காட்டியதால் அந்த வகைக்கு அவர் பெயர்.

ஃபோட்டான்களின் எண்ணிக்கை கூடினால் என்ன ஆகும்? 20 ஃபோட்டான்களை 20 நுழைவுகளில் விட்டு, 20 இடங்களில் பிடிக்கிறோம் என்றால், எந்த ஃபோட்டான் எங்கே வந்தது என்பதற்குச் சுமார் 24,000 கோடி கோடி விதங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வீச்சு. அவை எல்லாவற்றையும் கூட்டினால் அந்த ஒரே ஒரு முடிவின் வீச்சு கிடைக்கும். அது 20 × 20 சதுரத்தின் பெர்மனென்ட்.

அணிக்கோவையிலும் இதே எண்ணிக்கையில்தான் உறுப்புகள். அது மட்டும் எப்படி எளிதாகிறது? ஒரு நிரையின் மடங்கை இன்னொரு நிரையிலிருந்து கழித்தால் அணிக்கோவை மாறாது. அதனால் கழித்துக் கழித்து மூலைவிட்டத்துக்குக் கீழே எல்லாவற்றையும் சுழியமாக்கிவிடலாம். மிஞ்சும் மூலைவிட்ட எண்களைப் பெருக்கினால் வேலை முடிந்தது. இது பலிப்பதற்குக் காரணம், இரண்டு நிரைகள் ஒரே மாதிரி இருந்தால் அணிக்கோவை சுழியமாகிவிடும் என்பதே. கூட்டல் உறுப்பும் கழித்தல் உறுப்பும் ஜோடி ஜோடியாக ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. பெர்மனென்ட்டில் அந்த ஜோடி இல்லை. நிரையைக் கழித்த மறுகணமே மதிப்பு மாறிவிடும். 1963-ல் ரைசர் தந்த சூத்திரம் 24,000 கோடி கோடி உறுப்புகளைச் சுமார் பத்தரை லட்சமாகக் குறைத்தது. ஆனால் அதிலும் ஒவ்வொரு ஃபோட்டான் கூடும்போதும் வேலை இரட்டிப்பாகிறது. இதைவிடப் பெரிய குறுக்குவழி இருக்காது என்பதற்கு வலுவான சான்றை 1979-ல் லெஸ்லி வேலியன்ட் கொடுத்தார். பெர்மனென்ட்டை விரைவாகக் கணக்கிட ஒரு வழி கிடைத்தால், 'இந்தப் புதிருக்கு மொத்தம் எத்தனை விடைகள்' என்று எண்ணும் கணக்குகள் அத்தனையும் அதே வழியில் எளிதாகிவிடும் என்று நிறுவினார்.

அப்படியென்றால் ஒளியை விட்டுப் பெர்மனென்ட்டைக் கண்டுபிடித்துவிடலாமே என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. இங்கேதான் இந்தத் துறையின் நுட்பம் இருக்கிறது. முடியாது. இயற்கை அந்தக் கூட்டலைச் செய்கிறது. விடையை மட்டும் நம்மிடம் சொல்வதில்லை.

20 ஃபோட்டான்களை 400 வழிகள் கொண்ட ஒரு கண்ணாடி வலைக்குள் விடுவதாக வைத்துக்கொள்வோம். அவை வெளியே வந்து விழக்கூடிய அமைப்புகளின் எண்ணிக்கை, 1-க்குப் பின் 33 சுழியங்கள் போட்ட எண்ணையும் தாண்டும். ஒவ்வொரு முறை விடும்போதும் இவற்றில் ஏதோ ஒன்று வரும். நொடிக்கு ஒரு கோடி முறை விட்டு ஓராண்டு காத்திருந்தாலும், ஏற்கெனவே வந்த ஓர் அமைப்பு மறுபடி வருவதைப் பார்ப்பது அபூர்வம். ஓர் அமைப்பின் நிகழ்தகவை அளக்க வேண்டுமானால் அது பல முறை வந்தாக வேண்டும். அதற்கு வழியே இல்லை. கிடைப்பது எண் அல்ல, மாதிரிகள் மட்டுமே. சாம்பிளிங் என்ற சொல் அதனால்தான் பெயரிலேயே இருக்கிறது.

எண்ணைச் சொல்லாத கருவியைச் சாதாரணக் கணினியால் போலி செய்வது ஏன் கடினமாக இருக்க வேண்டும்? பெர்மனென்ட்டைக் கணக்கிடாமலே மாதிரிகளை மட்டும் தரும் ஏதோ தந்திரமான நிரல் இருக்கக்கூடாதா? இந்தக் கேள்விக்கு எம்.ஐ.டி.யில் ஸ்காட் ஆரன்சனும் அவருடைய மாணவர் அலெக்ஸ் அர்கிபோவும் 2010-ல் எழுதி 2011-ல் மாநாட்டில் வெளியிட்ட கட்டுரைதான் விடை. அந்த வாதத்தின் நடுநாடியை மட்டும் சொல்கிறேன்.

அப்படி ஒரு நிரல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாதாரணக் கணினி நிரலுக்குத் தற்செயல் எங்கிருந்து வருகிறது? நாம் சுண்டிக் கொடுக்கும் காசுகளிலிருந்து. பூ, தலை, தலை, பூ என்று ஒரு வரிசையைக் கொடுத்தால் நிரல் ஓர் அமைப்பைத் தரும். அதே வரிசையை மறுபடி கொடுத்தால் அதே அமைப்பைத்தான் தரும். ஆகவே ஓர் அமைப்பின் நிகழ்தகவு என்பது, மொத்தக் காசு வரிசைகளில் எத்தனை வரிசைகள் அந்த அமைப்பைத் தருகின்றன என்ற எண்ணிக்கைதான். காசு வரிசை நம் கையில் இருக்கிறது. அதை நிறுத்தி வைத்து எண்ணலாம். இப்படிப்பட்ட எண்ணிக்கையைத் தோராயமாகக் கண்டுபிடிக்க ஒரு வழியை லேரி ஸ்டாக்மையர் 1980-களிலேயே கொடுத்திருந்தார். அதற்கு, விடையைச் சரிபார்ப்பது எளிது ஆனால் தேடுவது கடினம் என்ற வகைப் புதிர்களைத் தீர்த்துத் தரும் ஒரு துணை வேண்டும். அதற்கு மேல் வேண்டாம். அந்தத் துணையோடு பெர்மனென்ட்டின் தோராய மதிப்பே வந்துவிடும். அந்தத் தோராயமே வேலியன்ட் சொன்ன கடினத்தைச் சுமப்பது. அது உண்மையானால், கடினமான கணக்குகளைப் படிப்படியாக அடுக்கி வைத்திருக்கும் கோபுரம் மூன்றாம் படியிலேயே முடிந்துபோகும். கணினியியலாளர் எவரும் அதை எதிர்பார்ப்பதில்லை. ஆகவே அப்படியொரு நிரல் இருக்காது.

ஒளிக்கருவிக்கு இதே வாதம் ஏன் பொருந்தாது? அதற்குள் காசு வரிசை இல்லை. நிறுத்தி வைத்து எண்ணுவதற்கு எதுவுமே இல்லை. இந்த வேறுபாட்டை நான் படித்தபோது சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். சாதாரணக் கணினியின் தற்செயலும் குவாண்டம் தற்செயலும் ஒரே சரக்கு அல்ல என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் இன்னொரு வாதத்தை நான் அறியேன்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த வாதம் முழுமையாக நிற்பது, கருவியைத் துல்லியமாகப் போலி செய்ய முயன்றால்தான். உண்மைக் கருவிகள் துல்லியமானவை அல்ல. தோராயமாகப் போலி செய்வதும் கடினம் என்று காட்ட, ஆரன்சனும் அர்கிபோவும் இரண்டு ஊகங்களை நம்பியிருக்கிறார்கள். தற்செயலாக எடுத்த சதுரங்களின் பெர்மனென்ட்டும் கடினம் என்பது ஒன்று. அந்த மதிப்புகள் பெரும்பாலும் சுழியத்தை ஒட்டிக் குவிந்து கிடக்காது என்பது மற்றொன்று. ஃபோட்டான்களை விட வழிகள் மிக அதிகமாக இருக்க வேண்டும் என்று அவர்கள் கேட்பதும் இதனால்தான். அப்போதுதான் பெரிய வலையிலிருந்து எடுக்கும் சின்னச் சதுரம் எதுவும் தற்செயலானது போலவே தோன்றும். நாம் எந்தச் சதுரத்தை மனத்தில் வைத்திருக்கிறோம் என்பது போலி செய்பவருக்குத் தெரியாது.

இவ்வளவு கடினமான வேலையைச் செய்யும் கருவி முழுக் கணினியாகாதது ஏன்? ஃபோட்டான்கள் ஒன்றையொன்று தொடுவதில்லை. ஒரு ஃபோட்டான் இருப்பதைப் பார்த்து இன்னொன்று தன் போக்கை மாற்றிக்கொள்ளாது. 'இது நடந்தால் அதைச் செய்' என்ற நிபந்தனைதான் எந்தக் கணினிக்கும் உயிர். அந்த நிபந்தனை இங்கே எங்கும் இல்லை. வலையை அமைத்தாயிற்று, ஃபோட்டானை விட்டாயிற்று, கடைசியில் எண்ணியாயிற்று, அவ்வளவுதான். பெரிய எண்களைக் காரணிப்படுத்தும் ஷோரின் முறையை இதில் ஓட்ட முடியாது. அன்றாடக் கணினி செய்யும் வேலைகளைக்கூட இதனால் செய்ய முடியும் என்று யாரும் நம்புவதில்லை. ஆனால் நடுவழியில் சில ஃபோட்டான்களை அளந்து, அந்த அளவைப் பார்த்து வலையின் மிச்சப் பகுதியை மாற்றியமைத்தால், இதே கண்ணாடிகளே முழுமையான குவாண்டம் கணினியாகிவிடும் என்று நில், லஃப்ளாம், மில்பர்ன் ஆகியோர் 2001-லேயே காட்டியிருந்தார்கள். போசான் சாம்பிளிங் அந்த நடுவழி அளவை வேண்டாம் என்று விட்டுவிட்ட கருவி. பரிசோதனைச் சாலையில் மிகவும் தொல்லை தரும் பகுதி அதுதான் என்பதால் விட்டார்கள்.

கருவி உண்மையிலேயே பெர்மனென்ட் வழியில்தான் நடக்கிறதா, அல்லது கோலிக்குண்டுகளைத் தூவுகிறதா? மூன்று ஃபோட்டான், மூன்று வழி கொண்ட ஒரு சின்ன வலையில் இதைக் கையாலேயே கணக்கிட்டுப் பார்க்கலாம். எந்த நுழைவிலிருந்து எந்த வழிக்குப் போனாலும் வீச்சின் நீளம் 1/√3. அம்பின் கோணம் மட்டும் 0, 120, 240 பாகை என்று முறை வைத்து மாறும். மூன்று நுழைவிலும் ஒவ்வொரு ஃபோட்டான். வெளியே விழக்கூடிய அமைப்புகள் 10. வழிக்கு ஒன்றாக விழுவது ஒன்று. மூன்றும் ஒரே வழியில் விழுவது மூன்று. ஒரு வழியில் இரண்டும் இன்னொன்றில் ஒன்றுமாக விழுவது ஆறு.

கோலிக்குண்டுகளாக இருந்தால் 27 தடவையில் 6 தடவை வழிக்கு ஒன்று, 3 தடவை மூன்றும் சேர்ந்து, மீதி 18 தடவை இரண்டும் ஒன்றுமாக விழும். ஃபோட்டான்களுக்குக் கணக்கு வேறு. இரண்டும் ஒன்றுமான அமைப்பில், தனியாக விழுந்த அந்த ஒன்று எந்த நுழைவிலிருந்து வந்தது என்பதற்கு மூன்று விதம். மூன்றின் அம்புகளும் 0, 120, 240 பாகையில் நிற்கின்றன. கூட்டினால் சுழியம். ஆறு அமைப்புகளுக்கும் இதே கதிதான். ஆகவே கோலிக்குண்டுக்கு மூன்றில் இரண்டு பங்கு வந்தது ஃபோட்டானுக்கு வரவே வராது. 27-ல் 9 தடவை வழிக்கு ஒன்று, மீதி 18 தடவை மூன்றும் சேர்ந்தே விழும். பரிசோதனையில் இரண்டும் ஒன்றுமாக ஓர் அமைப்பு அடிக்கடி தலைகாட்டினால், ஃபோட்டான்களின் நிறமோ வந்து சேர்ந்த நேரமோ ஒன்றுபோல் இல்லை என்று புரிந்துகொள்ளலாம். ஃபோட்டானுக்கு அடையாளம் வந்துவிட்டால் குறுக்கீடு போய்விடும்; ஒவ்வொன்றையும் தனித்தனியே சுண்டிப்போட்டு எந்தக் கணினியும் போலி செய்துவிடலாம்.

பிரிஸ்பேன், ஆக்ஸ்ஃபோர்ட், வியன்னா, ரோம் ஆகிய நகரங்களின் குழுக்கள் 2013-ல் வெளியிட்ட முதல் சோதனைகள் மூன்று நான்கு ஃபோட்டான்களோடு நின்றன. காரணம், படிகம் ஃபோட்டானை எப்போது உமிழும் என்று சொல்ல முடியாது. ஒரு படிகம் உமிழக் காத்திருப்பதே பாடு. 20 படிகங்கள் ஒரே நொடித்துளியில் உமிழக் காத்திருப்பது நடக்காத காரியம். இதற்கிடையே கணினிப் பக்கமும் சும்மா இருக்கவில்லை. 20, 30 ஃபோட்டான் கிடைத்தால் கணினி தோற்றுவிடும் என்று தொடக்கத்தில் நினைத்திருந்தார்கள். 2017-ல் பிரிஸ்டல் குழுவினர் 30 ஃபோட்டான் மாதிரிகளை ஒரு மடிக்கணினியிலேயே எடுத்துக் காட்டினார்கள். எல்லை 50 ஃபோட்டானை நோக்கித் தள்ளிப்போனது.

பிறகு ஃபோட்டானை ஒவ்வொன்றாக விடும் எண்ணத்தையே மாற்றி, அமுக்கிய ஒளி எனப்படும் ஒரு வகை ஒளியை நேரடியாக வலைக்குள் விட்டார்கள். அங்கே பெர்மனென்ட்டுக்குப் பதில் அதன் நெருங்கிய உறவான ஹாஃப்னியன் வரும். அதுவும் அதே அளவு கடினம். சீனாவின் ஹெஃபெய் நகரில் பான் ஜியான்வெய், லூ சாவ்யாங் குழுவினர் 2020 டிசம்பரில் அறிவித்த ஜியூஜாங் கருவி இந்த வகை. 100 வழிகள், ஒரே ஓட்டத்தில் 76 ஃபோட்டான்கள் வரை பிடித்தது. 200 நொடியில் அது சேர்த்த மாதிரிகளுக்கு, அன்றைய பெரிய சூப்பர் கணினிகளில் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகும் என்று கணக்குக் காட்டினார்கள். ஜியூஜாங் என்ற பெயர் 'ஒன்பது அத்தியாயங்கள்' என்ற பண்டைய சீனக் கணித நூலிலிருந்து வந்தது. நிரையிலிருந்து நிரையைக் கழித்துச் சமன்பாடுகளைத் தீர்க்கும் முறை அந்த நூலின் எட்டாம் அத்தியாயத்தில் இருக்கிறது. அணிக்கோவையை எளிதாக்கும் அதே முறை. ஜியூஜாங் செய்யும் கணக்கில் பலிக்காத அதே முறை.

அந்தக் கோடிக்கணக்கான ஆண்டுகள் என்ற மதிப்பீடு நிலைக்கவில்லை. அதை அரித்தது ஒளியின் இழப்பு. ஒவ்வொரு கண்ணாடியிலும், ஒவ்வொரு இணைப்பிலும், உணர்கருவியிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஒளி போய்க்கொண்டிருக்கும். ஒரு ஃபோட்டான் தப்பிப் பிழைக்கும் வாய்ப்பு பாதி என்றால், 20-உம் பிழைப்பது சுமார் பத்தரை லட்சத்தில் ஒரு முறை. கணினியின் வேலை ஃபோட்டானுக்கு ஃபோட்டான் இரட்டிப்பாவது போலவே, கருவியின் சிரமமும் இரட்டிப்பாகிறது. அமுக்கிய ஒளியில் இழப்பு வேறு விதமாக வேலை செய்கிறது. ஒளி அமுக்கம் தளர்ந்து, மெல்ல மெல்லச் சாதாரண ஒளியின் குணத்துக்குத் திரும்பிவிடுகிறது. எண்ணிப் பார்த்தால் ஃபோட்டான்கள் நிறைய இருக்கும். ஆனால் அவற்றில் பெரும்பங்கு குறுக்கீட்டுக்கு உதவாத வெறும் இரைச்சல்.

சிகாகோவைச் சேர்ந்த சங்ஹுன் ஓ, லியாங் ஜியாங் ஆகியோரின் குழு 2024-ல் வெளியிட்ட முறை இதைத்தான் பிடித்துக்கொண்டது. வெளிவரும் ஒளியை இரண்டாகப் பிரித்தார்கள். சில ஃபோட்டான்கள் மட்டுமே கொண்ட உண்மையான குவாண்டம் பகுதி ஒன்று. அதன் மேல் தற்செயலாகச் சேரும் சாதாரண இரைச்சல் மற்றொன்று. முதல் பகுதி சிறியது என்பதால் கணினிக்குள் அடங்கிவிட்டது. இரண்டாவதைக் காசு சுண்டிச் சேர்த்துவிடலாம். அதுவரை வெளியாகியிருந்த பெரிய சோதனைகளின் மாதிரிகளை, அந்தச் சோதனைகளைவிடவும் இலட்சியக் கணக்குக்கு நெருக்கமாக, வரைகலைச் செயலிகளைக் கொண்டே அவர்கள் எடுத்துக் காட்டினார்கள். ஆரன்சன், அர்கிபோவின் வாதத்துக்கு இதனால் ஒரு கீறலும் இல்லை. அது இழப்பில்லாத ஒளியைப் பற்றியது. ஆகவே இப்போது இத்தகைய ஒரு கருவியைப் பற்றிப் படிக்கும்போது, எத்தனை ஃபோட்டான் பிடித்தார்கள் என்ற எண்ணை நான் இரண்டாவதாகத்தான் பார்க்கிறேன். உள்ளே விட்ட ஒளியில் எத்தனை பங்கு உணர்கருவிவரை வந்து சேர்ந்தது என்ற எண் எங்கே எழுதியிருக்கிறது என்று முதலில் தேடுகிறேன்.